"நம்ம பக்கமும் கொஞ்சம் பாருங்க": ஆர்டருக்குக் கமிஷன் கேட்கப்படும்போது



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நம் பகுதியில் தோலை நம்பாத குடும்பம் குறைவு. சிலர் டேனரி வைத்திருக்கிறார்கள். சிலர் ஷூ அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார்கள். நம் பிள்ளைகள் பலர் ஷூ கம்பெனிகளிலும் பையிங் ஆபீஸ்களிலும் மெர்ச்சண்டைசராக, கியூசி இன்ஸ்பெக்டராக வேலை செய்கிறார்கள். ஆர்டர் கொடுக்கும் கம்பெனியின் சம்பளக்காரர் தனக்கென்று ஒரு பங்கை ஜாடையாகக் கேட்டால் என்ன செய்வது என்ற கேள்வி, இந்த இரண்டு பக்கத்தாரிடமிருந்தும் வருகிறது. இந்த இதழின் பாடத்தில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அரசு அலுவலகத்தில் கேட்கப்படும் லஞ்சம் வேறு விஷயம், அதை இங்கே தொடவில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோல் வியாபாரத்தில் தரகு என்பது பழைய, வெளிப்படையான தொழில். பெரியமேட்டில் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று தரகு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு ஏஜென்டுக்கு ஏற்றுமதியாளர் கொடுக்கும் கமிஷனும் அப்படித்தான். பொதுவாக அது ஏற்றுமதி ஆவணத்தில் காட்டப்பட்டு, வங்கி வழியாகப் போகிறது. இவற்றில் யாரும் யாருக்கும் தெரியாமல் எதையும் வாங்குவதில்லை. தரகர் யாருக்காக நிற்கிறார் என்பதும் எவ்வளவு வாங்குகிறார் என்பதும் தெரிந்தே இருக்கிறது. இத்தகைய தரகுக் கூலியை ஃபிக்ஹு அறிஞர்கள் ஆகுமாக்கியிருக்கிறார்கள்.

நாம் பேசுவது வேறொருவரைப் பற்றி. அவர் வாங்கும் கம்பெனியிடம் மாதச் சம்பளம் பெறுகிறார். நல்ல சரக்கைக் குறைந்த விலைக்கு வாங்கித் தருவதுதான் அந்தச் சம்பளத்துக்கு அவர் செய்ய வேண்டிய வேலை. அதே வேலைக்காக விற்பவரிடமும், முதலாளிக்குத் தெரியாமல், கூலி கேட்கிறார். 'கமிஷன்' என்ற பெயர் தரகருக்கும் இவருக்கும் ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இப்னுல் லுத்பிய்யா என்பவரின் சம்பவத்தை விடச் சிறந்த அளவுகோல் இல்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் அது. அபூ ஹுமைத் அஸ்ஸாயிதீ (ரலி) அறிவிக்கிறார்கள். பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொதுநிதிக்கு என்றும், இன்னொரு பகுதி தனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றும் பிரித்துச் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். மிம்பரில் நின்று மக்களையும் எச்சரித்தார்கள். யாரும் அவரை வற்புறுத்தியதாகவோ, அவர் கணக்கில் குறைத்ததாகவோ அதில் இல்லை. பதவி இல்லாவிட்டால் வந்திருக்காத பொருள் என்பதே கேள்வியாக இருந்தது. மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தால் நாம் அவருக்கு மாதம் ஒரு கவர் கொடுத்தனுப்புவோமா? இந்த ஒரு கேள்வி போதும்.

வாங்குபவரின் பாவம் வாங்குபவருக்கு என்று கொடுப்பவர் ஒதுங்கவும் வழியில்லை. லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அறிவிப்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்தவை. ஒரு சிறிய பினிஷிங் யூனிட்காரர், மாட்டுத் தோல் சாஃப்டி அப்பர் லெதருக்குச் சதுர அடி 90 ரூபாய் என்று விலை சொல்கிறார். ஆர்டர் 20,000 சதுர அடி. எல்லாச் செலவும் போக அடிக்கு 5 ரூபாய் நிற்கும், அதாவது மொத்தம் ஒரு லட்சம். சாம்பிள் பாஸ் ஆகிவிட்டது. மறுநாள் வாங்கும் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் கூப்பிடுகிறார்.

"பாய், ரேட்டெல்லாம் ஓகே. நம்ம பக்கமும் கொஞ்சம் பாக்கணும் இல்ல? உங்களுக்கு நஷ்டம் வேணாம். 93 போட்டுக்கோங்க, நான் பாஸ் பண்ணிடறேன்."

விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டியவர் கூட்டச் சொல்கிறார். ஜாடையை அடையாளம் காண இதைவிட உறுதியான குறி இல்லை. வேறு குறிகளும் உண்டு. ஆபீஸ் மெயிலில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொந்த நம்பரிலிருந்து பேசுவார், எதையும் எழுத மாட்டார். மற்ற பார்ட்டிகள் 'நல்லா கவனிக்கிறாங்க' என்பார். மச்சான் பெயரில் ஒரு பில் வரும், அதை செட்டில் செய்யுங்கள் என்பார். ஆனால் பேரம் பேசுவதெல்லாம் ஜாடை ஆகாது. "இன்னும் ரெண்டு ரூபா குறைங்க பாய்" என்று கம்பெனிக்காக மல்லுக்கட்டுபவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார், அவ்வளவுதான்.

93 என்ற இந்த ஏற்பாட்டில்தான் நம்மவர்களில் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். நம் 90 நமக்கு வந்துவிடுகிறது, மூன்று ரூபாய் அவருக்குப் போகிறது, நம் கையிலிருந்து எதுவும் போகவில்லையே என்று தோன்றும். அந்த 60,000 ரூபாய் யாருடையது என்று பார்க்க வேண்டும். வாங்கும் கம்பெனி 90 ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்குக்கு 93 கொடுக்கிறது. அந்த முதலாளியின் பணத்தை அவருடைய ஊழியர் எடுக்கிறார், எடுக்க நம் பில் கருவியாகிறது. அந்த பில்லில் கையெழுத்து நம்முடையது.

இங்கிலாந்து நீதிமன்றம் இதே கேள்வியை 1900-ஆம் ஆண்டிலேயே தீர்த்துவைத்தது. ஹோவெண்டன் எதிர் மில்ஹாஃப் என்ற வழக்கு. விற்பவர், வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் ஊழியர்களுக்கு இரகசியமாகப் பணம் கொடுத்திருந்தார். அதில் சொல்லப்பட்ட விதிகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. என்ன எண்ணத்தில் கொடுத்தாய் என்று நீதிமன்றம் விசாரிக்காது. ஊழியர் அந்தப் பணத்தால் சாய்ந்தார் என்றே எடுத்துக்கொள்ளும். சரக்கின் உண்மையான விலை, கொடுத்த விலையைவிடக் குறைந்தது அந்த இரகசியத் தொகை அளவுக்காவது குறைவு என்றும் கொள்ளும். 'என் லாபத்திலிருந்துதான் கொடுத்தேன், விலையை ஏற்றவில்லை' என்ற பதில் அங்கே செல்லாது. விற்பவரால் மூன்று ரூபாயை விட முடியுமென்றால், அது வாங்கும் முதலாளிக்குச் சேர வேண்டிய தள்ளுபடி அல்லவா?

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர்களைக் குறித்தது. தனியார் கம்பெனி ஆளுக்குக் கொடுத்தால் குற்றமில்லை என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். அது அரைகுறைப் பேச்சு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், முதலாளிக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் லாபம் பார்த்தால் அந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்கிறது. நம் ஷூக்கள் போகும் நாடுகளின் சட்டம் இன்னும் கடுமை. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தில் தனியார் ஊழியருக்குக் கொடுப்பதும் லஞ்சமே. வெளிநாட்டு பிராண்டுகளின் சப்ளையர் ஒப்பந்தங்களிலும் பெரும்பாலும் இதைத் தடுக்கும் ஒரு பத்தி இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடும் பக்கங்களில் அது இருக்கும் என்பது வேறு கதை.

பெரிய கம்பெனிகளிலும் இது நடந்திருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தில் கொள்முதல் மேலாளராக இருந்த பால் டிவைன் என்பவர், ஆசிய சப்ளையர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு கம்பெனியின் உள்தகவல்களைக் கொடுத்ததாக 2010-இல் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2014-இல் ஓராண்டுச் சிறையும், ஏறத்தாழ 45 லட்சம் டாலர் திருப்பிக் கட்டும்படியும் தீர்ப்பானது. வாங்கியவரோடு அந்தக் குற்றப்பத்திரிகை முடியவில்லை. சிங்கப்பூர் சப்ளையர் நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஒருவரின் பெயரும் அதில் இருந்தது.

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். 93-க்கு ஒத்துக்கொண்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். அந்த 60,000 ரூபாய் நம் பில்லில் வரவாக ஏறிவிட்டது. அவருக்கோ கேஷாக வேண்டும். வங்கியிலிருந்து எடுத்த பணத்துக்குக் கணக்கில் ஒரு பெயர் வேண்டுமே! கெமிக்கல் வாங்கியதாகவோ, லாரி வாடகை என்றோ ஒரு பொய் வவுச்சர் தயாராகும். கணக்கு எழுதும் பையனும் பொய்யில் பங்காளியாகிறான். சட்டம் தடுத்த காரியத்துக்கான செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. வெளிநாட்டுச் சட்டப்படி குற்றமானதும் அதில் அடங்கும் என்று 2022-இல் விளக்கம் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த ஆர்டரில் மூன்று ரூபாய் நான்காகும். மறுக்க முடியாது, நம் இரகசியம் அவரிடம் இருக்கிறது. சந்தையில் விலை இறங்கி 93 போட முடியாத நிலை வந்தால், நம் ஐந்து ரூபாயிலிருந்துதான் அந்த நான்கு போகும். அப்போது மிச்சப்படுத்த நாம் கை வைக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. செலக்‌ஷனில் ஒரு கிரேடு கீழே இறங்குவோம், பினிஷ் கோட்டில் ஒன்றைக் குறைப்போம், பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் பெண்களின் கூலியை இழுத்தடிப்போம். அவர் கண்ணை மூடி பாஸ் செய்துவிடுவார். ஆனால் ஷூ ஃபேக்டரியில் லாஸ்டில் ஏற்றி இழுக்கும்போது பினிஷ் வெடிக்கும், தேய்த்துப் பார்த்தால் சாயம் துணியில் ஒட்டும். அது லேபுக்குப் போய், கிளெய்ம் நம் பெயருக்கு வரும். அந்த நாளில் முதலில் கைகழுவுபவர் நமக்கு ஆர்டர் வாங்கிக் கொடுத்தவராகத்தான் இருப்பார்.

சரி, எப்படி மறுப்பது? ஜாடை என்பதால் எதிராளி எதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்க மாட்டார். நாம் 'லஞ்சம் கேட்கிறீர்களா' என்று பாய்ந்தால், 'நான் எப்போ கேட்டேன்?' என்பார். அதோடு உறவு முறியும். ஒருவேளை நாம்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அதிகமான சந்தேகத்தை விட்டு விலகும்படி ஸூரத்துல் ஹுஜுராத்தில் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே அவர் பேச்சை விலை பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டு, பதிலைக் கம்பெனியின் பக்கம் திருப்பிவிடுவது நல்லது.

"சார், நான் போட்டது நெட் ரேட். இதுக்குள்ள வேற யாருக்கும் எதுவும் வைக்கல. கம்பெனிக்குக் குறைக்கணும்னா சொல்லுங்க, பில்லுலயே அம்பது பைசா குறைச்சுத் தர்றேன். 90-க்கு மேல போட மாட்டேன்."

இந்தப் பதிலில் யாரும் அவமானப்படவில்லை. அவர் உண்மையிலேயே கம்பெனிக்காகப் பேசியிருந்தால் ஐம்பது பைசா கிடைத்த சந்தோஷத்தில் போவார். தனக்காகக் கேட்டிருந்தால், பில்லில் வருவது அவருக்குப் பயன்படாது என்பதால் அங்கேயே நின்றுவிடும். விட்டுக்கொடுப்பது எவ்வளவானாலும் அது பில்லில் தெரிய வேண்டும் என்பதே சூத்திரம்.

இரண்டாம் முறை அவர் வெளிப்படையாகவே கேட்டால், காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். "சார், எங்க மார்க்கத்துல அது கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க. சரக்கு சொன்ன தரத்துல, சொன்ன தேதிக்கு வந்து சேரும், அதுக்கு நான் பொறுப்பு." நம் ஊரில் இந்தப் பதிலுக்கு, கேட்பவர் எந்த மதத்தவராக இருந்தாலும், ஒரு மரியாதை உண்டு. கேட்பவரே முஸ்லிமாக இருந்தால் சங்கடம் கூடும். அப்போதும் பதில் அதேதான்.

சொல்லக் கூடாத பதில்கள் இரண்டு. 'முதல்ல இந்த ஆர்டர் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்' என்பது ஒன்று. நாம் தட்டிக்கழித்ததாக நினைப்போம், அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். பேமென்ட் வரும் நாளில் கேட்பார். 'அண்ணன் ஒத்துக்க மாட்டாரு' என்பது இன்னொன்று. அண்ணனுக்குத் தெரியாமல் செய்யும் வழியை அவரே சொல்லிக்கொடுப்பார். அண்ணன் பெயரில் ஒரு பொய்யும் சேரும்.

அன்று மாலைக்குள் விலையை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். மெர்ச்சண்டைசருக்கு மட்டும் அனுப்பாமல், அவருடைய கொள்முதல் மேலாளருக்கும் ஒரு நகல் போக வேண்டும். அதில் குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். சதுர அடி 90 ரூபாய், இது நிகர விலை, எந்தக் கமிஷனும் சேர்க்கப்படவில்லை என்ற ஒரு வரி போதும். எல்லா கொட்டேஷனிலும் இந்த வரியை வழக்கமாகவே வைத்துவிட்டால், எந்தத் தனி ஆளையும் குறிப்பதாகவும் ஆகாது.

ஆர்டர் போய்விட்டால்? போகலாம். போகாது என்று சொல்ல எங்களுக்குத் தெரியாது. ஒரே கம்பெனியை நம்பி டிரம் ஓட்டும் யூனிட்டுக்கு அது பெரிய அடி. இங்கே சிலர் ஒரு மஸ்அலாவைக் கொண்டுவருவார்கள். தனக்கு உரியதைப் பெற வேறு வழியே இல்லாமல் கொடுக்க நேர்ந்தால் பாவம் வாங்குபவர் மீதுதான் என்று உலமாக்கள் பலர் சொல்லியிருக்கிறார்களே என்பார்கள். உண்மை. ஆனால் ஆர்டர் நமக்கு உரிய ஹக் அல்ல. பக்கத்துத் தெரு டேனரிக்காரரும் அதே ஆர்டருக்குச் சாம்பிள் கொடுத்திருக்கிறார். அந்தச் சலுகையை இதற்கு நீட்ட முடியாது.

சரக்கு கொடுத்து முடித்தபின் பேமென்ட்டை அவர் பிடித்துவைத்தால் நிலைமை மாறுகிறது. அந்தப் பணம் நம் ஹக். ஆனால் வேறு வழி இல்லை என்று சொல்லுமுன், இருக்கும் வழியைப் பாருங்கள். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி யூனிட்டுகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் பாதுகாப்புத் தருகிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தத்தில் தேதி இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் அபராத வட்டி உண்டு, அந்த வட்டியைப் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அசலைக் கேட்டு இணையம் வழியாக மனு கொடுக்கலாம். வாங்கும் கம்பெனி இந்தியாவில் இருந்தால்தான் இது பொருந்தும்.

இந்தச் சட்டத்தில் நம்மவர்கள் கவனிக்காத ஓர் இடம் உண்டு. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். கமிஷன் கிடைக்காத கோபத்தில் 'கிரேடு சரியில்லை, ரிஜெக்ட்' என்று வாயால் சொல்லி இழுத்தடிப்பவருக்கு எதிரே இது பெரிய துணை. அதற்கு நம் பக்கம் சில காகிதங்கள் வேண்டும். பாஸான சாம்பிளை இரண்டாக வெட்டி, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு துண்டு நம்மிடம் இருக்க வேண்டும். டெலிவரி சலானில் தேதியும் முத்திரையும் வேண்டும், அளவு மெஷின் சீட்டு வேண்டும். தகராறு தரத்தைப் பற்றியது என்றால் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதித்து அறிக்கை வாங்கலாம். இவை கையில் இருந்தால், அவருடைய மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தில் கமிஷன் விவகாரத்தைச் சொல்லலாம். அதற்கு முன், ஒரே ஒரு ஜாடைப் பேச்சை வைத்து ஒருவருடைய வேலைக்கு உலை வைக்க வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பக்கம் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் வீடுகளுக்கு. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன இடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவதை யாரும் லஞ்சம் என்று சொல்லப்போவதில்லை. ஆம்பூரில் விருந்தாளிக்குச் சோறு போடாமல் அனுப்பினால்தான் செய்தி! பெருநாளுக்கு ஊரெல்லாம் பங்கிடும் கறியில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். ஆனால் ஆர்டர் பாஸான வாரத்தில் ஒரு சப்ளையர் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் அனுப்பினால், அதை இறக்கிவைக்கும் முன் தாயோ மனைவியோ கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது வந்தது உன் மேலதிகாரிக்குத் தெரியுமா? தெரியாது என்றால், கொண்டுவந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, அனுப்பிய விவரத்தை மேலதிகாரிக்கு அன்றே எழுதிவிடச் சொல்லுங்கள்.